காலியாக விட முடியாத கட்டம்

நான் சொன்ன பொய்களிலேயே அசிங்கமானது ஒரு நாட்டின் பெயர். முதலில் வாயால்கூடச் சொல்லவில்லை. கணினியில் ஒரு பட்டியல் விரிந்தது, அதில் ஒன்றைத் தொட்டேன். கை கூசவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் கூசுகிறது.

மலேசியாவில், சிரம்பானில் ஒரு நகைக்கடையில் எனக்கு வேலை. கடைக்குப் பின்னால் சின்னப் பட்டறை. அங்கே கல் பதிப்பார்கள், முன்னால் விற்பார்கள், நடுவில் ஒரு கண்ணாடி அறையில் நான் உட்கார்ந்து காகித வேலை பார்ப்பேன். எந்தக் கல் எந்த வியாபாரியிடமிருந்து வந்தது, எந்த மோதிரத்துக்குப் போனது என்று பதிவு செய்வது என் பொறுப்பு. ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய என் அப்பா கடைசிவரை என்னை ‘கிராணி’, அதாவது தோட்டத்துக் குமாஸ்தா, என்றுதான் கூப்பிட்டார். பெருமையாகத்தான் கூப்பிட்டார்.

சில வருடங்களுக்கு முன் முதலாளிக்குப் புது யோசனை வந்தது. கோலாலம்பூர் கடைகளில் நகையோடு ஓர் அட்டை தருகிறார்களாம்: ‘இரத்தக் கறை படியாத கல், நேர்மையான வழியில் வந்தது, பிறப்பிடம் வரை தடம் அறியப்பட்டது.’ நமக்கும் வேண்டும் என்றார். அட்டையின் வாசகத்தைத் தமிழிலும் மலாயிலும் எழுதியது நான். நன்றாக எழுதியிருக்கிறாய் என்று முதலாளி பாராட்டினார். அட்டை அச்சாக வேண்டுமென்றால் கணினியில் ‘பிறந்த நாடு’ என்ற கட்டத்தை நிரப்ப வேண்டும். காலியாக விட்டால் சிவப்பில் கத்தும். ‘தெரியாது’ என்ற வழியே பட்டியலில் இல்லை.

அந்த நேரத்தில்தான் அந்தத் தாதி வந்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் வேலை, வீடு செனாவாங்கில். நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம். ஜாதகப்படி மாணிக்கம்தான் போட வேண்டும், அதுவும் செயற்கைக் கல் கூடாது என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டாராம். ஒரு மோதிரத்தைக் கையில் எடுத்தாள். நடுவில் சிறிய மாணிக்கம், இருபுறமும் பொடி வைரம். போட்டுப் பார்க்காமலே கேட்டாள்.

“அக்கா, இது பர்மா கல்லு இல்லதானே?”

பர்மா கல் என்றால் மவுசு, எல்லோரும் அதைத்தான் தேடுவார்கள். இவள் வேண்டாம் என்கிறாளே, ஏன் என்று கேட்டேன்.

“எங்க பக்கத்து வீட்டு மக்சிக் பர்மாக்காரங்க லா. செனாவாங் பேக்டரில வேல. அவங்க மகன் அங்க செவப்புக் கல்லு தோண்டப் போயி மண்ணு சரிஞ்சு செத்துட்டான். எங்கம்மா செத்தப்போ மூணு மாசம் எனக்குச் சோறு போட்டது அவங்கதான். அந்தக் கல்ல போட்டுக்கிட்டு அவங்க முன்னால எப்டிக்கா நிக்கிறது?”

அந்த மோதிரத்தின் பதிவைத் திறந்தேன். நாடு என்ற கட்டம் காலியாக இருந்தது. கல் தாய்லாந்து வியாபாரி ஒருவரிடமிருந்து வந்தது. அவர் பில்லில் நாட்டின் பெயர் இல்லை. அதற்கு முந்தைய தடவை வேறொருவரிடம் வாங்கிய கற்களுக்கு மொசாம்பிக் என்று இருந்தது. இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதுகூடப் பொய். வெளியே ஒரு பெண் காத்திருந்தாள், பட்டியலில் ஐந்து நாடுகள் இருந்தன, அவற்றில் ஒன்று அவளுக்குப் பிடிக்கும். அதைத் தொட்டேன். அட்டை அச்சாகி வெளியே வந்தது.

“மொசாம்பிக், ஆப்பிரிக்கா. பாரும்மா, அட்டையிலேயே இருக்கு.”

“வைரம்?”

“அதுக்கும் கேரண்டி இருக்கும்மா, கவலப்படாத.”

வாங்கிக்கொண்டு இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தாள். “உங்கள நம்பித்தான்கா வாங்குறேன்” என்றாள்.

நிச்சயதார்த்தத்துக்கு என்னையும் அழைத்திருந்தாள். செனாவாங்கில் ஒரு மண்டபம். போனேன், வயிறாரச் சாப்பிட்டேன். மோதிரம் போட்டு முடிந்ததும் அவள் பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒரு மெலிந்த பெண்ணிடம் நேராகப் போனாள். பட்டுப் பாவாடையும் கன்னத்தில் மஞ்சள் சந்தனப் பூச்சும் போட்டிருந்த அந்தப் பெண்தான் அவள் மலாயில் மக்சிக், அதாவது அத்தை, என்று கூப்பிடும் பக்கத்து வீட்டுக்காரி. கைப்பையிலிருந்து என் அட்டையை எடுத்து மலாயில் படித்துக் காட்டினாள். மொசாம்பிக் என்ற சொல்லை இரண்டு முறை சொன்னாள். மக்சிக் அவள் விரலைப் பிடித்துக் கல்லைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தாள், பிறகு அந்தக் கையைத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். எனக்குக் கண் கலங்கியது. நல்ல காரியம் செய்தோம் என்று நினைத்துக்கொண்டு இன்னொரு ஜாங்கிரி எடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து வெளிநாட்டுக் கடை ஒன்று எங்களிடம் நகை வாங்க விரும்பி நீண்ட கேள்விப் பட்டியல் அனுப்பியது. அட்டையில் போடுகிறீர்களே, ஆதாரம் என்ன என்று கேட்டிருந்தார்கள். அதுவரை யாரும் என்னிடம் ஆதாரம் கேட்டதில்லை. தாய்லாந்து வியாபாரிக்கு போன் செய்தேன். அரைகுறை ஆங்கிலத்தில் சிரித்தார். சின்னக் கல்தானே, சந்தையில் பத்துப் பேரிடம் வாங்கிச் சூடேற்றி, நிறம் பார்த்து, அளவு பார்த்து ஒன்றாகக் கலந்துவிடுவோம், மொசாம்பிக்கும் இருக்கும், பர்மாவும் இருக்கும், யார் பிரித்து வைப்பார்கள் என்றார். பில்லின் அடியில் ‘போருக்குப் பணம் போகாத, சட்டபூர்வமான இடத்திலிருந்து வாங்கியது’ என்று அச்சடித்திருக்கிறதே என்றேன். அது வைர வியாபாரிகள் போடுகிற வாசகம், நான் எல்லா பில்லிலும் போட்டுவிடுவேன் என்றார்.

வைரத்தின் கதையையும் அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். பட்டை தீட்டாத வைரம் நாடு தாண்டும்போது அரசாங்கச் சான்றிதழ் வேண்டும். அதுவும் ஒரு மூட்டைக்கு ஒன்று, கல்லுக்கு ஒன்று கிடையாது. ஆட்சியை எதிர்த்துச் சண்டை போடும் கூட்டத்துக்குப் பணம் போகவில்லை என்பதைத்தான் அது சொல்லும். சுரங்கத்தில் அடி விழுந்ததா, பிள்ளைகள் தோண்டினார்களா என்று சொல்லாது. பட்டை தீட்டிய பிறகு அந்தச் சான்றிதழும் கூட வராது. விற்பவர் பில்லில் எழுதும் ஒரு வரிதான். அவருக்கு விற்றவர் எழுதியதை நம்பி அவர் எழுதுவார், அவரை நம்பி நாங்கள் எழுதுவோம். மாணிக்கத்துக்கு அந்த அளவுக்குக்கூட உலகப் பொதுவான ஏற்பாடு இல்லை. சுரங்கத்திலிருந்தே தனியாகப் பிரித்து, கைமாறும் இடமெல்லாம் பதிந்துகொண்டு வருகிற கற்களும் உண்டு. நாங்கள் அப்படி வாங்கியதில்லை.

இந்தக் கடைக்கு வருவதற்கு முன் நான் செம்பனை ஆலையில் லாரி எடை எழுதியவள். தோட்டத்துக் குலையும் வெளியார் குலையும் ஒரே மேடையில் கொட்டப்படும். எண்ணெயாகி வந்த பிறகு இது எந்த மரத்து எண்ணெய் என்று கேட்டால் சிரிப்போம். கலந்தால் பிரிக்க முடியாது என்பது எனக்குத் தெரியாத விஷயமே கிடையாது. தெரிந்தே மறந்தேன்.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன்.

“அட்டைல நேர்மைன்னுதானே போட்டிருக்கு? நாம யாரையாச்சும் அடிச்சோமா, ஏமாத்துனோமா?” என்றார்.

“ஏமாத்துனோம் முதலாளி. நான்தான் ஏமாத்துனேன்.”

“நீ சும்மா இரு லா. கல்லு எங்க பொறந்துச்சுன்னு கல்லுக்கே தெரியாது.”

அட்டையை இனி அச்சடிக்க மாட்டேன் என்றேன். முறைத்தார். கடைசியில் நான் சொன்ன வாசகத்துக்கு ஒத்துக்கொண்டார்: ‘இக்கல்லை இன்ன வியாபாரியிடமிருந்து வாங்கினோம். அதற்கு முன் வந்த வழி எங்களுக்குத் தெரியாது.’ இதைப் படித்தால் எவன் வாங்குவான் என்று புலம்பினார். சிலர் வாங்காமலும் போனார்கள்.

அந்தத் தாதியிடம் சொல்ல எனக்கு மேலும் இரண்டு வாரம் பிடித்தது. ஆஸ்பத்திரி கேண்டீனில், அவளுடைய ஓய்வு நேரத்தில் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன். அவள் மோதிரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டெஸ்ட் பண்ணா தெரியுமாக்கா?”

“எந்த நாடா இருக்கும்னு அவங்க கருத்துதான் சொல்லுவாங்கம்மா. சூடேத்துன சின்னக் கல்லுக்கு அதுவும் சந்தேகம்தான். யாரு தோண்டுனா, என்னா ஆச்சுன்னு எந்த மெஷினும் சொல்லாது. மொசாம்பிக்னே வந்தாலும் அங்க தோண்டுனவங்களுக்கும் அடி உதை நடந்திருக்கு. அதையும் நான் உனக்குச் சொல்லல.”

மோதிரத்தைத் திருப்பித் தரலாம், பணம் தருகிறோம் என்றேன். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் போட்டதை எப்படிக் கழற்றுவது என்றாள். பிறகு கல்லை உள்ளங்கைப் பக்கம் திருப்பிவிட்டுக் கையை மூடிக்கொண்டாள்.

“அவங்ககிட்ட நான் சொல்ல மாட்டேன். அட்டைய எழுதுனது நீங்க. நீங்க போயி சொல்லுங்க.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை செனாவாங்குக்குப் போனேன். மக்சிக் வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அடையாளம் தெரிந்து உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தாள். நான் மலாயில் சொன்னேன். அட்டையில் உள்ள நாடு உண்மை என்று எனக்குத் தெரியாது, உங்கள் ஊர்க் கல்லாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவள் கடைசிவரை கேட்டாள். குரல் உயரவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“தெரியாதென்றால் ஏன் எழுதினாய்?”

கட்டத்தைக் காலியாக விட கம்ப்யூட்டர் விடவில்லை என்றேன். வாழ்க்கையில் நான் சொன்ன பதில்களில் இதைவிடக் கேவலமானது இல்லை.

அவள் எழுந்து அலமாரியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொண்டுவந்தாள். உள்ளே நான்காக மடித்த ஒரு தாள். பர்மிய எழுத்து எனக்குத் தெரியாது. மகன் இறந்ததற்கான தாள் என்றாள். ஒரு கட்டத்தில் விரலை வைத்தாள். இறந்த இடம். அவன் இறந்த குழிக்கு அனுமதி கிடையாதாம், அதனால் அங்கே யாரும் தோண்டவே இல்லை என்று சொல்லிவிட்டார்களாம். ஆனால் கட்டத்தைக் காலியாக விட முடியாதாம். அவன் ஒருநாளும் போகாத ஊரின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள்.

“அந்த அலுவலகத்திலும் உன்னைப் போல ஒரு பெண்தான் உட்கார்ந்திருந்தாள்” என்றாள்.

தாளை மறுபடி அதே மடிப்பில் மடித்து உறைக்குள் வைத்தாள். தேநீர் கொடுத்தாள். நான் குடித்தேன்.