தீ என்று தொடங்கிய அழைப்பு

சாணை பிடிப்பவன் ஒருவன் போன வாரம் எங்கள் தெருவில் சக்கரத்தைச் சுற்றினான். கர்ர்ர் என்று ஒரு சத்தம், நின்றது, மறுபடியும் கர்ர்ர். கையிலிருந்த காய்கறிக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். கைப்பிடி வைத்த பழைய டெலிபோன் அப்படித்தான் அழும். இலங்கை மலைநாட்டு அட்டனில், மணிக்கூட்டுக் கோபுரத்துக்குக் கீழே இறங்கும் சந்தில், மாடியில் ஒரு அறை. தகரக் கூரையில் மழை. நான் டைப் அடித்தேன். எதிர் மேசையில் சாமான் விற்க ஒருவர் போன் அடித்தார். அறுபதுகளின் ஆரம்பம் அது.

எங்கள் கம்பனி தேயிலை பெக்டரிகளுக்குச் சாமான் விற்றது. பெயின்ட், பெல்ட், அப்புறம் கூம்பு மாதிரி சிவப்பாக நிற்கும் தீயணைப்புக் குப்பி. தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினால் நுரையோடு தண்ணீர் பீறிடும். விறகு எரியும் அடுப்புக்கு மேலே, கொழுந்து வாட்டும் சாக்குத் தட்டுகள் வரிசையாக உலர்ந்து கிடக்கும் மரமாடி. அந்தக் குப்பி வேண்டாத பெக்டரியே மலையில் கிடையாது. ஆனால் வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. நினைக்க வைப்பதுதான் அவர் வேலை.

அவர் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவர். அந்த மாடி அறைக்கு வந்து சேர எத்தனை பேர் காலைப் பிடித்திருப்பாரோ. மானேஜர் தெளிவாகச் சொல்லியிருந்தார்: மாத முடிவுக்குள் ஒரு தோட்டமாவது குப்பி எடுக்க வேண்டும், இல்லையென்றால் கதவு அங்கே இருக்கிறது. கதவுக்கு வெளியே அவருக்கு இருந்தது பழைய லயக் காம்பராவும் கொழுந்துக் கூடை தூக்கும் மனைவியும் மட்டும்தான்.

தோட்டத்து ஆபிசில் போனைப் பெரிய கிளாக்கர், அதாவது தலைமை எழுத்தர், எடுப்பார். அவரைத் தாண்டினால்தான் தோட்டத்தை நடத்தும் துரை. யாரும் தாண்டியதில்லை.

"வணக்கம் ஐயா, சுகமா இருக்கீங்களா?" என்று அவர் தொடங்குவார். அந்தப் பக்கம் போனை வைத்துவிடுவார்கள். டக்.

"அண்ணே, தெரியாத ஆளு எதுக்கு சொகம் விசாரிக்கணும்? சாமான்காரன்னு அப்பவே தெரிஞ்சிரும்" என்றேன் நான்.

"அப்போ கம்பனி பேர மொதல்ல சொல்லட்டுமா?"

சொன்னார். டக். மூச்சு விடாமல் கடகடவென்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் டக். ஒரு யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் மட்டும் கொஞ்சம் பேசினார்: "உமக்கு வேற வேலை இல்லையே? வையும் போனை." பேசினாரே என்று அன்றைக்கு முழுக்க அவருக்குச் சந்தோஷம்.

மத்தியானங்களில் ஒத்திகை நடக்கும். நான் கிளாக்கர். ரூலரைக் காதில் வைத்துக்கொள்வேன். சலிப்பு தட்டியதும் மேசையில் போடுவேன். இரக்கமே பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

"ஐயா, ஒரு அருமையான விஷயம்..."

ரூலரைப் போட்டேன்.

"ஏம் புள்ள, வாயத் தொறக்க விடேன்!"

"அருமையான விஷயம்னு சொன்னா என் மாமியாகூட வச்சிருவா. உண்மையச் சொல்லுங்க."

உண்மையா, என்று ஜன்னல் பக்கம் திரும்பினார். பனி கீழேயிருந்து ஏறி எதிர்ச் சந்தின் கூரைகளை ஒவ்வொன்றாக விழுங்கியது. பிறகு இந்தப் பக்கம் திரும்பாமலே பேசினார். "ஐயா, அட்டன்லேருந்து பேசுறேன். என்னைய உங்களுக்குத் தெரியாது. தீயணைக்கிற குப்பி விக்கத்தான் கூப்பிட்டேன். உங்க பெக்டரிக்கு இந்த வருஷம் புது வாட்டுற மாடி போட்டிருக்கீங்கன்னு கேள்விப்பட்டேன், அதான். அரை நிமிஷம் குடுப்பீங்களா? வேணாம்னா வச்சிருங்க, நான் கோவிச்சுக்க மாட்டேன்."

ரூலர் என் காதிலேயே இருந்தது.

மறுநாள் அதையே போனில் சொன்னார். கொட்டகலைப் பக்கத்துக் கிளாக்கர் ஒருவர் சிரித்துவிட்டார். "வச்சிருங்கன்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்குறேன். சரி, சொல்லுங்க." துரையிடம் கேட்டுவிட்டு அடுத்த வாரம் சொல்வதாகவும் சொன்னார். அடுத்த வாரம்! ஆனால் மாதம் அதற்குள் முடிந்துவிடும். அன்று சாயங்காலம் மானேஜர் வந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். ஈரமான மழைக்கோட்டுக்குள்ளிருந்து சுருட்டு மணந்தது.

"கெஞ்சுறீரா ஓய், வியாபாரம் பண்றீரா? தீயில ஆரம்பியும். தீன்னா எவனாவது போன வைப்பானா? 'உங்க பெக்டரியில தீ'ன்னு சொல்லி நிறுத்தும். அவன் பதறட்டும். அப்புறம் 'புடிச்சா என்ன செய்வீங்க'ன்னு கேளும்."

"சார், தோட்டத்துல அந்த வார்த்தைய..."

"என் முன்னாலேயே அடியும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் டைப்ரைட்டரைப் பார்த்தேன். நாங்கள் இருவருமே தோட்டத்தில் பிறந்தவர்கள். அங்கே போன் அடித்தாலே ஆபிஸ் வாசலில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்துவார்கள். நல்ல சேதி ஆள் வழியாக வரும்; போன் வழியாக வருவது சாவு, அல்லது துரையின் கோபம். அதிலும் வட்டகொடைக்கு அந்தப் பக்கம் நாலைந்து தோட்டங்களுக்கு ஒரே லைன். எந்தத் தோட்டத்துக்கு எத்தனை மணி என்ற கணக்கு மட்டும்தான் வேறு. யாருக்கு மணி அடித்தாலும் மற்றவர்கள் மெதுவாக எடுத்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். அட்டனிலேயே வளர்ந்த மானேஜருக்கு இதெல்லாம் தெரியாது.

கைப்பிடி சுற்றியது. கர்ர்ர். தலவாக்கலை எக்ஸ்சேஞ்சில் இணைத்தார்கள். எங்கோ ஒரு மேசையில் மணி அடித்து, யாரோ எடுத்தார்கள்.

"ஐயா, உங்க பெக்டரியில தீ..."

சொன்னபடி நிறுத்தினார்.

யாரும் வைக்கவில்லை. நாற்காலி சாயும் சத்தம் மழையையும் மீறி எனக்கே கேட்டது. ரிசீவர் மேசையிலிருந்து விழுந்து எதிலோ மோதி மோதி ஆடியது. "ஐயா, இல்லைங்க, ஐயா, ஹலோ" என்று அவர் கத்திக்கொண்டிருந்தார். கேட்க அங்கே யாரும் இல்லை. லைனில் வேறு குரல்கள் முளைத்தன. "எந்தத் தோட்டம்?" "எரியுதா?" "நாங்க ஆள் அனுப்புறோம்." பிறகு ரிசீவருக்குள்ளே தூரத்தில், மிகத் தூரத்தில், பெக்டரிச் சங்கு. அது நிற்காமல் ஊதியது. மலைமலையாக ஒவ்வொரு தோட்டத்திலும் ரிசீவர் எடுத்தபடியே இருந்தது. அந்த மாதம் முழுக்க அவர் ஏங்கியது அதற்குத்தான்.

மானேஜர் மெதுவாகத் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

மறுநாள் விவரம் வந்தது. கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு, வீட்டுக்காரர் வேலை செய்யும் பெக்டரியை நோக்கிச் சரிவில் இறங்கி ஓடியிருக்கிறார்கள். மழையில் மூன்று பேர் உருண்டிருக்கிறார்கள். ஒருத்திக்கு இடுப்பு முறிந்து நுவரெலியா ஆஸ்பத்திரியில். பெரிய கிளாக்கர் இருட்டும்வரை வாட்டும் மாடியில் எரியாத தீயைத் தேடியிருக்கிறார். துரை எக்ஸ்சேஞ்சில் விசாரித்து எங்கள் கம்பனியைக் கூப்பிட்டுப் பேசினார். அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். மானேஜர் சொன்னதெல்லாம் "யெஸ் சார்".

போனை வைத்துவிட்டு வெளியே வந்த மானேஜர், நாங்கள் இருவரும் கேட்கும்படி, "இப்படிப் பேசச் சொன்னது யார்? நானா?" என்றார். பிறகு நிபந்தனை: தோட்டத்துக்குப் போய், மன்னித்துவிட்டோம் என்று கிளாக்கர் கையால் எழுதி வாங்கி வந்தால் நாற்காலி இருக்கும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை வர வேண்டாம்.

அந்த நாற்காலியில் அவர் மறுபடி உட்காரவில்லை. தோட்டத்துக்குப் போன பிறகு என்ன நடந்தது என்று நான் மூன்று விதமாகக் கேள்விப்பட்டிருக்கிறேன். மூன்றையும் நம்பவில்லை.

அவர் தோட்டத்துக்குப் புறப்பட்ட அன்று பஸ் நிலையம்வரை நானும் போனேன். குடை ஒன்றுதான். வட்டகொடை பஸ் புகை கக்கிக்கொண்டு நின்றது. உள்ளே இருந்தவர்களில் சிலர் அந்தத் தோட்டத்து ஆட்கள். அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஒருவருக்கொருவர் ஏதோ சொல்லிக்கொண்டார்கள்.

"அண்ணே, போகாதீங்க. ஆஸ்பத்திரில கெடக்குறவ வீட்டுக்காரன் அங்கதான் பெக்டரி அடுப்புல வேலை செய்றானாம்."

"தெரியும் புள்ள. மொதல்ல அவன்கிட்டத்தான் போறேன்."

"போயி என்னன்னு ஆரம்பிப்பீங்க?"

மிதிபலகையில் ஒரு காலை வைத்தார். கண்டக்டர் மணியை இழுத்தான்.

"தெரியல. நீ போ, நனையுற."