கிணற்றுத் தண்ணீரும் ஒரு விண்ணப்பமும்

எம்.எஸ்சி. வேதியியல் கடைசி வருடத்தில், பேட்டரிப் பொருள்களை ஆராயும் ஒரு பேராசிரியருக்கு, அவருடைய குழுவில் சேர்த்துக்கொள்ளும்படி கடிதம் எழுதினேன். மதிப்பெண்களை ஒரு வரியில் முடித்துவிட்டு, எங்கள் டிராக்டர் பேட்டரியைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன்.

எங்கள் ஊர் எருத்தேன்பதிப் பக்கம் பல கிணறுகளில் தண்ணீர் உப்பு. எங்களுடையது இனிக்கும். அந்தப் பெருமையில் அப்பா காய்ச்சி வடித்த நீர் வாங்காமல், கிணற்றுத் தண்ணீரையே பேட்டரிக்கு ஊற்றி வந்தார். அது செத்தபின் பிரித்துப் பார்த்தேன். பாசிட்டிவ் தகட்டின் ஈயச்சட்டம் அரித்துப் பொடிந்திருந்தது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் குளோரைடுதான் காரணமோ என்று சந்தேகமாகவே எழுதியிருந்தேன்.

"வீட்டு விஷயமெல்லாம் எதுக்கு? எடுத்துடு" என்றார் கல்லூரி ஆசிரியர். எனக்கு எரிச்சல் வந்தது. எடுக்காமல் அனுப்பினேன்.

பேராசிரியரின் பதில் ஒரு கார்டில் வந்தது. நேரில் வரும்போது அந்தத் தகட்டையும் ஒரு பாட்டில் கிணற்றுத் தண்ணீரையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்.

அவருடைய ஆய்வகத்தில் சோதனைக் குழாயிலிருந்த எங்கள் தண்ணீரில் சில்வர் நைட்ரேட்டைச் சொட்டச் சொன்னார். பால்போல வெளுத்தது. குளோரைடு இருந்தது. "சட்டத்தை அரித்தது இதுதானா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும். ஜூனில் குழுவில் வந்து சேர்ந்து, நீயே பார்" என்றார்.

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அப்பா கேட்டுவிட்டுச் சொன்னார்.

"அப்ப நம்மூட்டுத் தண்ணியக் கொறை சொல்லித்தான் எடம் வாங்கீருக்கற."