எண்பதிலிருந்து நூற்று முப்பது வரை

தேனியில் சொட்டுநீர்க் குழாய் விற்கும் கடையொன்றில் ஃபேஸ்புக் விளம்பரத்தைக் கவனிப்பது என் வேலை. விளம்பரம் பார்த்து ஒருவர் குழாய் பற்றி விசாரிக்க, விளம்பரச் செலவு எண்பது ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்று முதலாளி இலக்கு வைத்திருந்தார். அது கிணறுகள் வற்றிய கோடை மாதத்தில் கிடைத்த கணக்கு. மழை மாதத்தில் அது நூற்றிருபது ஆனது.

"விளம்பரத்த நிறுத்திட்டு நீ கவுண்டருக்கு வந்து யாவாரத்தப் பாரு" என்றார்.

ஆட்களிடம் பேச எனக்குக் கூச்சம். பயத்தில் போன வருடத்தின் மாதக் கணக்குகளைத் திரையில் காட்டினேன்.

"அண்ணாச்சி, பெரும்பாலும் எண்பதுலருந்து நூத்திமுப்பதுக்குள்ளதான் வந்திருக்கு. இலக்கையும் அப்படியே வைப்போம். தாண்டுனா மட்டும் என்ன கோளாறுன்னு பாப்போம்."

"அப்ப கோடையில மோர் வித்த கணக்க மழையில கேட்டிருக்கேன்!" என்று சிரித்தார்.

நான் கவுண்டருக்குப் போகவில்லை. இப்போது எண்பதுக்கு வரும் மாதத்தில் நானும் பெருமைப்படுவதில்லை; அது கோடையின் வேலை, என் திறமையல்ல.