என் கைக்கு வெதுவெதுப்பு

கறுப்பு டி-ஷர்ட்டின் தோளில் வெள்ளை வெள்ளையாக எதுவோ ஒட்டியிருந்தது. செக்கிங் பிரிவு சூப்பர்வைசர் அதை என் முன்னால் விரித்துக் காட்டியபோது பஞ்சு என்றுதான் நினைத்தேன். பனியன் கம்பெனியில் பஞ்சு பறக்காமல் வேறென்ன பறக்கும்? அந்த அம்மா திருநெல்வேலிப் பக்கம். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"பஞ்சு இல்ல அண்ணாச்சி. அக்கா தலையில இருந்து உதிருது. நாலு பீஸ்ல பாத்துட்டேன். தலை சரியாகுற வரைக்கும் அவுக செக்கிங் மேசைக்கு வர வேண்டாம்னு மேல சொல்லிட்டாக."

அக்கா என்றது என் மனைவியை. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் அதே கம்பெனியின் சாயப்பட்டறையில் இருக்கிறேன்; அவள் பன்னிரண்டு வருஷமாகச் செக்கிங்கில். ஊசிமுனை அளவு ஓட்டையைக்கூட விட மாட்டாள். ஊரார் துணியில் குறை கண்டுபிடித்தவளை இன்று நாலு பேர் நடுவில் குறையென்று ஒதுக்கி வைத்திருந்தார்கள். கேன்டீனில் துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "ஊட்டுக்குப் போலாங்க" என்றாள்.

அரிப்பு ஆறு மாதமாகவே இருந்தது. கீசரும் ஷவரும் வைத்த வீட்டுக்கு நாங்கள் குடிவந்து ஆறு மாதம் என்பதை அப்போது யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. பழைய வீட்டில் வாளித் தண்ணீர். அவளே விளாவிக்கொள்வாள். இங்கே சுடுதண்ணீருக்கும் பச்சைத் தண்ணீருக்கும் இரண்டு குழாய்களைத் திருக வேண்டும். அவளுக்கு அது பிடிபடவில்லை, தினமும் காலையில் தண்ணீரைப் பதமாக்குவது என் வேலையானது. குழாய்களைத் திருகி, ஷவருக்கடியில் கையை நீட்டிப் பார்த்து, "ம், போ" என்பேன்.

என் கைமேல் எனக்கு அப்படி ஒரு கர்வம். சாயத் தொட்டியிலிருந்து ஆவி பறக்கும் துணியைக் கையால் இழுத்துப் போடும் ஹெல்பராகத்தான் நான் தொழிலுக்கு வந்தேன். பிறகு லேபுக்கு வந்து வருஷம் பல ஆகியும், தெர்மாமீட்டரை எடுக்கும் பையன்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். கையை விட்டாலே சூடு தெரியாதா என்பேன்.

முதல் நாலைந்து நாள் அவள், "சூடா இருக்குதுங்க" என்றாள். "இது வெதுவெதுப்பு, புள்ள. பழகிரும்" என்றேன். அப்புறம் அவள் சொல்லவில்லை. பழகிவிட்டதென்று நான் எடுத்துக்கொண்டேன். நானோ அந்தத் தண்ணீருக்கடியில் ஒரு நாளும் நின்றதில்லை. பகலெல்லாம் ஆவியில் வெந்தவனுக்கு வேலை முடிந்ததும் பச்சைத் தண்ணீர்தான் சுகம்.

தோல் டாக்டரிடம் போனோம். நிதானமான அம்மா. வகிடு எடுத்து விளக்கு வைத்துப் பார்த்தார். "இது பொடுகு இல்லைங்க. தலைத்தோல் காஞ்சு உரியுது, புண்ணாகவும் ஆரம்பிச்சிருக்கு" என்றார். தடவ ஒரு லோஷனும் கடுமையில்லாத ஷாம்பூவும் எழுதினார். "சுடுதண்ணி வேண்டாம். வெதுவெதுப்பாக் குளிங்க" என்றார்.

"வெதுவெதுப்பாத்தானுங்க குளிக்கிறா. நானே தெனமும் கை வெச்சுப் பாத்துத்தான் உடறேன்" என்றேன். எவ்வளவு பெருமையாகச் சொன்னேன் என்பது நினைவிருக்கிறது.

இரண்டு வாரம் லோஷன் தடவினாள். தலை மோசமானதுதான் மிச்சம். காதுக்குப் பின்னால் சிவந்து வெடித்தது. ஒரு நாள் அவள் சீப்பில் ரத்தத்தைப் பார்த்தேன். போர்வெல் உப்புத் தண்ணீரைத் திட்டினேன், லோஷனைத் திட்டினேன், கடைசியில் டாக்டரையும் விடவில்லை. சண்டைக்குப் போகிறவன் மாதிரித்தான் மறுபடி அங்கே போய் உட்கார்ந்தேன்.

டாக்டர் என்னை விட்டுவிட்டு அவளைக் கேட்டார். "தண்ணி விழும்போது அரிப்பு எப்படி இருக்கு?"

"அப்ப அடங்கீருதுங்க. தொடச்சுட்டு வந்து கொஞ்ச நேரத்துல இன்னும் சாஸ்தியா எடுக்குதுங்க."

"சூடு பட்டா அரிப்பு சித்த நேரம் மரத்த மாதிரி இருக்கும். ஆனா தோல்ல இருக்கற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் அந்தச் சூடே எடுத்துரும். இவங்க தலையில சுரக்கறதே கம்மி. பசை போனா காயும், வெடிக்கும், எரியும். லோஷன் போட்டும் கேக்கலைன்னா எனக்குத் தண்ணிமேலதான் சந்தேகம்."

பஞ்சிலிருக்கும் மெழுகை வெந்நீரும் சோடாக் காரமும் எப்படி எடுக்கும் என்று பக்கம் பக்கமாகப் பேசக்கூடியவன் நான். அதை இவள் தலையோடு சேர்த்துப் பார்த்ததே இல்லை. என்ன வேலை என்று கேட்டார். சொன்னேன். என் கையை வாங்கித் திருப்பி, காய்த்துப் போன உள்ளங்கையை விரலால் அழுத்திப் பார்த்தார். "நாளைக்குத் தெர்மாமீட்டர் வெச்சுப் பாருங்க. முப்பத்தேழு, முப்பத்தெட்டு போதும்" என்றார்.

என் தலையையும் ஒரு பார்வை பார்த்தார். எனக்கு எண்ணெய் வடியும் தலை. "நீங்க பச்சைத் தண்ணியா? எண்ணெய்த் தலைக்கு அதுல ஷாம்பூ போட்டாப் பிசுக்கு சரியாப் போகாது. அதுக்காக கொதிக்கக் கொதிக்க ஊத்தினாலும் எண்ணெய் சுரக்கறது நிக்காது. உங்களுக்கும் வெதுவெதுப்புத்தான்."

வழியெல்லாம் கடுகடுவென்று வந்தேன். என் கையைச் சந்தேகப்பட்டது எனக்குத் தாங்கவில்லை. அவர் சொன்னது தப்பு என்று காட்டத்தான் லேபிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வந்தேன்.

மறுநாள் காலை எப்போதும் போலக் குழாய்களைத் திருகினேன். கையை நீட்டினேன். வெதுவெதுப்பு. சத்தியம் பண்ணச் சொன்னாலும் பண்ணியிருப்பேன். ஒரு மக் பிடித்துத் தெர்மாமீட்டரை விட்டேன்.

நாற்பத்தாறு.

கருவி கெட்டுவிட்டது என்று உதறினேன். தண்ணீரைக் கொட்டிவிட்டு மறுபடி பிடித்தேன். நாற்பத்தாறு. துணியைத் துவைத்தால் சாயம் இறங்குமா என்று எங்கள் லேபில் வழக்கமாகப் பார்க்கும் சோதனையே நாற்பது டிகிரியில்தான். வெடித்துப் போன தலையில் அதைவிட அதிகமாகத் தினமும் காலையில் விட்டிருக்கிறேன், "ம், போ" என்று சொல்லி. எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

தலை ஆறிய பிறகு அவள் செக்கிங் மேசைக்குத் திரும்பினாள். லோஷனும் தண்ணீரும் சேர்ந்து செய்த வேலை அது. சில வாரங்கள் பிடித்தன. ஆனால் எனக்கு மறக்காமல் இருப்பது அந்தக் காலைதான்.

பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து திறந்து முப்பத்தேழுக்குக் கொண்டுவந்தேன். என் கைக்கு அது ஜில்லென்று இருந்தது. இதில் எப்படிக் குளிப்பாள் என்றுகூடத் தோன்றியது. அவளைக் கூப்பிட்டேன். நைட்டியோடு வந்தவள், கண்ணை இறுக மூடி, தோளைக் குறுக்கிக்கொண்டு தலையை நீட்டினாள். தினமும் அப்படித்தான் நீட்டுவாளாக இருக்கும். நான் பார்த்ததில்லை, கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவேன்.

தண்ணீர் விழுந்தது. தோள் மெல்ல இறங்கியது. கண்ணைத் திறந்தாள்.

"எரியலைங்க" என்றாள்.

"இத்தன நாளும் எரிஞ்சுதா?"

ஆமென்று தலையை ஆட்டினாள்.

"அப்பறம் ஏம்புள்ள சொல்லல?"

தண்ணீருக்கடியில் நின்றபடியே, கோபம் துளியும் இல்லாமல் சொன்னாள்: "நீங்க கை வெச்சுப் பாத்தீங்களேங்க. என்ற தலையிலதான் கோளாறாக்குமுன்னு இருந்துட்டேன்."