விஷால் பேரில் போட்ட லேஅவுட்

கோதண்டபாணிக்கு முப்பத்தொன்பது வயது. பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்னக் கடையில் உட்கார்ந்து, சேலை பார்டருக்கான டிசைனைக் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து, ஜக்கார்டு தறிக்கு வேண்டிய அட்டைகளில் துளை அடித்துக் கொடுப்பது அவர் தொழில். நாள் முழுக்க எந்தத் துளை எந்த நூலைத் தூக்கும் என்று யோசிக்கிற மனுஷன், சாயங்காலம் வீட்டுக்கு வந்தாவது சும்மா இருப்பாரா? மாட்டார். ஸ்டீம் என்கிற கேம் ஆப்பைத் திறந்து, எந்தப் பட்டன் எந்த வேலையைச் செய்யும் என்று யோசிக்க உட்கார்ந்துவிடுவார்.

கேம் ஆடுவதைவிட லேஅவுட் போடுவதில்தான் அவருக்கு ருசி. புதுசாக எந்த கேம் வாங்கினாலும் முதலில் கன்ட்ரோலர் செட்டிங்கைத்தான் திறப்பார். ஒரு பட்டனை லேசாகத் தட்டினால் ஒரு வேலை, அழுத்திப் பிடித்தால் இன்னொரு வேலை, இரண்டு முறை தட்டினால் மூன்றாவது வேலை என்று அடுக்கிக்கொண்டே போவார். "கல்யாண மண்டபத்துல பந்தி போடறவன்கூட இவ்ளோ கணக்குப் பாக்கமாட்டான்" என்பாள் மனைவி கலையரசி.

அவருடைய செட்டில் நாலு பேர். ஓசூரில் வேலை பார்க்கிற குமரகுரு, ஆம்பூரில் இருக்கும் அனு, முசரவாக்கத்து விஷால், இவர். ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆனால் நாலு பேரும் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு படகுப் பந்தயம் ஆடுவார்கள். படகை ஓட்டலாம், பிரேக் போடலாம், பக்கத்துப் படகின் மேல் வலை வீசிக் கவிழ்க்கலாம். பெரும்பாலும் விஷால்தான் ஜெயிப்பான். ஜெயித்தால் சும்மா இருக்கமாட்டான், அரை மணி நேரம் மற்ற மூன்று பேரையும் வறுத்தெடுப்பான்.

நாலு மாசத்துக்கு முன்னால் விஷால் வேலை செய்கிற கம்பெனியில் பிரஸ் மெஷினில் அவன் இடது கை மாட்டிக்கொண்டது. நடுவிரலும் மோதிர விரலும் போயின. கட்டைவிரல் இருக்கிறது, ஆனால் மடங்காது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தது கோதண்டபாணி மட்டும்தான். "அவங்க ரெண்டு பேருக்கும் சொல்லாத பாணிண்ணா. கன்ட்ரோலர் ரிப்பேர்னு சொல்லிட்டேன்" என்றான் விஷால். இவரும் தலையாட்டிவிட்டு வந்தார்.

தலையாட்டினாரே தவிர, மனசு ஆறவில்லை. அந்தப் பையன் இல்லாத பந்தயம் உப்புச்சப்பில்லாமல் இருந்தது. ஒரு வாரம் சாயங்காலமெல்லாம் உட்கார்ந்து, ஒற்றைக் கையால் ஆடுகிற மாதிரி ஒரு லேஅவுட் போட்டார். கட்டைவிரலால் ஆட்டுகிற வலது ஸ்டிக்கை இடது ஸ்டிக்கின் வேலையைச் செய்யவைத்து, அதிலேயே படகைத் திருப்பச் செய்தார். வலது ட்ரிக்கரில் வேகம், அதன் மேலே இருக்கும் வலது பம்பரில் பிரேக். ஸ்டிக்கை உள்ளே அழுத்தினால் வலை. தன் இடது கையை லுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு தானே ஆடிப் பார்த்தார். மூன்றாவதாக வந்தார். சந்தோஷம் தாங்கவில்லை.

அந்தச் சந்தோஷத்தில்தான் சனியன் பிடித்தது. லேஅவுட்டைச் சேமிக்க எக்ஸ்போர்ட் போனார். எல்லாரோடும் பகிர்வதைத் தேர்ந்தெடுத்தார். பெயர் கேட்டது. பாணியின் கடையில் எந்த அட்டைக் கட்டும் பெயரில்லாமல் வெளியே போகாது. யார் தறிக்கோ அவர் பெயர், தறியைப் பற்றி ஒரு குறிப்பு, எல்லாவற்றையும் எழுதிக் கட்டித்தான் கொடுப்பார். பதினெட்டு வருஷத்துப் பழக்கம், யோசிக்கவே இல்லை. 'விஷால் தம்பிக்கு' என்று அடித்தார். கீழே குறிப்பில், 'இடது கை அடிபட்டவர் ஒரே கையால் ஆட' என்றும் அடித்தார். போட்டுவிட்டு, விஷாலுக்கும் ஒரு மெசேஜ் தட்டிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை விஷால் வந்தான். ஹெட்செட்டில் அவன் குரல் கேட்டதும் அனு விசிலடித்தாள். குமரகுரு புதுசாக வாங்கிய கன்ட்ரோலருக்கு லேஅவுட் தேடிக்கொண்டிருந்தான். நண்பர்கள் போட்ட லேஅவுட்டெல்லாம் அப்படித் தேடுகிற பட்டியலில் வரும் என்பது பாணிக்குத் தெரியாததா? தெரியும். அந்த நேரத்தில் நினைப்பில்லை, அவ்வளவுதான். பெயரும் குறிப்பும் குமரகுருவின் கண்ணில் பட்டுவிட்டன.

"டேய் விஷாலு," என்றான் குமரகுரு, குரல் இறங்கி. "கைக்கு என்னப்பா ஆச்சு?"

விஷால் சட்டென்று வெளியேறினான். அவன் பெயருக்குப் பக்கத்தில் இருந்த பச்சைப் புள்ளி அணைந்தது. பாணி அந்த லேஅவுட்டைத் திறந்து தான் எழுதியதை ஒரு தடவை படித்தார். ஐயோ, என்ன காரியம் செய்துவிட்டேன் என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் போன் எடுக்கவில்லை விஷால். அடுத்த ஞாயிறு காலையில் பாணி வண்டியை எடுத்துக்கொண்டு முசரவாக்கம் போனார். விஷாலின் அம்மா மேரி கதவைத் திறந்தாள். "உள்ளதான் இருக்குறான். யார்கிட்டயும் பேசறதில்ல. நீயாவது பேசுப்பா" என்றாள்.

விஷால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "என்னாத்துக்கு வந்துக்கினு இருக்கற? இன்னும் யாருக்காவது சொல்லணுமா?"

"தப்புதான்டா. கட்டுல பேர் எழுதற மாதிரி எழுதிட்டேன். வேணும்னு செய்யல."

"உனக்குப் புரியல பாணிண்ணா." அவன் குரல் உடைந்தது. "இனிமே எவனும் எம்மேல வலை வீசமாட்டான். பாவம்னு விட்டுக்குடுப்பானுங்க. கம்பெனியில பண்றாங்க, சர்ச்சுல பண்றாங்க. அந்த கேம்ல மட்டுந்தான் நான் விஷாலா இருந்தேன்."

பாணி அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"அது கெடக்கட்டும்," என்றான் விஷால். "உன் லேஅவுட்டே தப்பு."

"என்னடா தப்பு?"

"ஸ்டிக்க அழுத்துனா வலை. அழுத்தும்போதே ஸ்டிக்கு நகந்துடுது, படகு கரையில போய் மோதுது. முப்பது தடவ மோதிட்டேன்."

முப்பது தடவை! அப்படியானால் ஆடிப் பார்த்திருக்கிறான். பாணிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது, ஆனாலும் வெளியே காட்டவில்லை. "வேற எங்க வைக்கறது? கைதான்…"

"கை இருக்குது பாணிண்ணா!" விஷால் கன்ட்ரோலரைத் தொடையில் வைத்து, இடது உள்ளங்கையின் ஓரத்தால் இடது பம்பரை டொக் டொக்கென்று அழுத்திக் காட்டினான். "இத்தால அழுத்த முடியும். நீ கைய லுங்கியில சொருவிக்கினு ஆடிப் பாத்திருப்ப. என்னை ஒரு வார்த்த கேட்டியா?"

கேட்கவில்லை. தறியைப் பார்க்காமல் ஒருநாளும் அட்டை அடிக்காத மனுஷன், இந்தப் பையனின் கையால் என்ன முடியும் என்று பார்க்காமல் லேஅவுட் போட்டிருந்தார். வெட்கமாக இருந்தது. "நீயே மாத்துடா, நான் பாக்கறேன்" என்றார்.

விஷால் எடிட் போய் வலையை இடது பம்பருக்கு மாற்றினான். ஒரு ரவுண்டு ஆடினான். மோதவில்லை. இந்த முறை அதை எல்லாரோடும் பகிரவில்லை. வீட்டுக்குத் திரும்பியதும் பாணி தன் பழைய லேஅவுட்டை நீக்கினார். பிறகு குமரகுருவுக்கும் அனுவுக்கும் போன் செய்தார். "அவன் வந்தா வருவான், வராட்டி போறான். வந்தான்னா, எவனாவது விட்டுக்குடுத்தீங்க, நான் மனுஷனா இருக்கமாட்டேன்" என்றார்.

நாலு மணிக்கு மூன்று பெயர்கள் பச்சையாக இருந்தன. நாலு அஞ்சுக்கு நாலாவதும் பச்சையானது. யாரும் கையைப் பற்றி வாய் திறக்கவில்லை.

பந்தயம் தொடங்கியது. விஷால் இரண்டாவதாகப் போய்க்கொண்டிருந்தான். கடைசி வளைவில் குமரகுருவின் படகு பக்கத்தில் வந்தது. கொஞ்சம் தயங்கியது. ஐயோ, விட்டுவிடுவானோ என்று பாணி பல்லைக் கடித்துக்கொண்டார். அதற்குள் குமரகுரு வலையை வீசினான். விஷாலின் படகு குப்புறக் கவிழ்ந்தது. கடைசியாக வந்தான்.

பாணி ஹெட்செட்டைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"டேய் குமரகுரு," என்று வெடித்தது விஷாலின் குரல். "நாலு மாசமா நா இல்லன்னு குளிர் வுட்டுப்போச்சா உனக்கு? இரு, அடுத்த ரவுண்டு உன் படக ஆத்துல தேடிப் பொறுக்க வைக்கறேன், சோமாறி!"

"வாடா, வா! தைரியம் இருந்தா வா!" என்று கத்தினான் குமரகுரு. அவன் குரல் நடுங்கியது. அனு சிரித்தாள்.

பாணி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என்னங்க ஆச்சு?" என்று கேட்டாள் கலையரசி. "திட்டறான்டி," என்றார் அவர், "நல்லா திட்டறான்."