ஆறாம் டிப்போவின் இரண்டு மஞ்சள்

மூன்றாம் மாடியில் காபி இயந்திரத்தருகே பிறந்த செய்தி, மாடிப்படி இறங்கி வாசல் காவலாளியின் காதை எட்டுவதற்குள் நன்றாக வளர்ந்துவிட்டிருந்தது. பார்சல் கம்பெனிக்கு மூன்று மாதப் பயிற்சிக்கு வந்த இன்டர்ன் பெண் ஒருத்தி, இருநூறு வரியில் ஏதோ எழுதி, ஒன்பது வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் ரிப்போர்ட் அக்காவை வீட்டுக்கு அனுப்பிவிட்டாளாம். அக்காவின் நாற்காலியில் இப்போது அந்தப் பெண்ணின் பைதான் உட்கார்ந்திருக்கிறதாம்.

விசாரித்துப் பார்த்தால், பை உட்கார்ந்திருந்தது உண்மை. ஒரு பக்கச் சக்கரம் கழன்ற தன் நாற்காலியில் அவள் பையை வைத்தால் அது சரிந்து விழுந்துவிடும். வரிகள் இருநூறு அல்ல, நாற்பத்தொன்று; அதிலும் ஏழு வெற்று வரிகள். அக்கா வீட்டுக்குப் போனதும் உண்மைதான். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போயிருந்தார்.

மீதியைத்தான் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நிதானம் அந்த இன்டர்ன் பெண்ணுக்கு ஒத்துவராத சங்கதி.

அவளுக்கு அலுவலகத்தில் பம்பரம் என்று பெயர். உட்கார்ந்தால் கால் ஆடும், நின்றால் பேனா ஆடும். வீட்டில் அம்மா, "சாப்பிடறப்பவாவது காலைக் கட்டிப் போடுடி" என்பார். அண்ணன் அதற்குமேல்: தினமும் அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், "என்ன, நிரந்தரமாயிடுச்சா?" என்று கேட்பான். மூன்று மாதம் முடிய ஒரு வாரம்தான் பாக்கி. வெள்ளிக்கிழமை மேனேஜர் முடிவு சொல்வார். இருக்கிறாளா, போகிறாளா. அவளுக்கு இருக்க வேண்டும்.

அவளிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை திங்கட்கிழமை ரிப்போர்ட். ஆறு டிப்போக்களிலிருந்து ஆறு எக்செல் கோப்புகள் வரும். போன வாரம் எத்தனை பார்சல், எத்தனை தாமதம். ஆறையும் ஒன்றின் கீழ் ஒன்றாக ஒட்ட வேண்டும். இரண்டு தடவை பதிவான பார்சலை நீக்க வேண்டும். கொண்டுபோய்க் கொடுத்த தேதியிலிருந்து கொடுப்பதாகச் சொன்ன தேதியைக் கழித்து, தாமதமானதை எண்ணி, டிப்போவுக்கு ஒரு சதவீதம் போட்டுப் பன்னிரண்டு மணிக்குள் மேனேஜருக்கு அனுப்ப வேண்டும். நான்கு மணி நேரம். ஒட்டு, நீக்கு, கழி, எண்ணு; மறுபடியும் ஒட்டு. மூன்றாவது திங்களன்று அவளுக்குக் கையெல்லாம் அரித்தது.

நான்காவது திங்களுக்குள், அத்தனையையும் தானே செய்யும் ஒரு சின்னக் கணினி ஸ்கிரிப்ட் தயார். கோப்புறையிலிருக்கும் எல்லாக் கோப்புகளையும் பாண்டாஸ் என்ற மென்பொருள் கருவி கொண்டு படித்து, ஒன்றாகச் சேர்த்து, பார்சல் எண் ஒன்றானால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை எறிந்து, நாள் முதலில் மாதம் பிறகு என்று தேதியைப் புரியவைத்து, கழித்து, டிப்போ வாரியாகக் கூட்டி, புதுக் கோப்பாக எழுதிவிடும். ஒன்பது நொடி. அடுத்த நான்கு வாரமும் கையாலும் செய்து ஒப்பிட்டாள். புள்ளிக்குப் புள்ளி ஒத்துப்போனது. யாரிடமும் சொல்லவில்லை. ஒன்பது நொடியில் முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிவரை பிஸியாகத் தெரிவது எத்தனை கடினம் என்று அப்போதுதான் தெரிந்தது. காலாட்டுவதற்கும் ஓர் எல்லை உண்டல்லவா?

பயிற்சியின் கடைசி வாரத் திங்களன்று அக்கா பல்லுக்கு விடுப்பு. வழக்கமாக அக்கா மின்னஞ்சலிலிருந்து கோப்புகளை இறக்கிப் பொதுக் கோப்புறையில் போட்டுவைப்பார். இன்று பம்பரமே இறக்கி, ஸ்கிரிப்டை ஓட்டினாள். 9:12க்கு ரிப்போர்ட் மேனேஜரிடம் போய்ச் சேர்ந்தது.

மேனேஜர் எழுந்தே வந்துவிட்டார். அவர் எழுந்து வருவதென்றால் கரண்ட் போயிருக்க வேண்டும்.

"பம்பரம், என்னம்மா இது? ஒன்பதே காலுக்கே?"

"ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன் சார்."

"அப்போ இந்த வேலைக்கு ரெண்டு பேர் எதுக்கு?" என்று அவர் காற்றைப் பார்த்துக் கேட்டார். காபி இயந்திரம் கேட்டுக்கொண்டது. வதந்தி கருத்தரித்தது அந்த நொடியில்தான்.

அவளுக்குச் சந்தோஷமா, பயமா, பிரித்துப் பார்க்க முடியவில்லை. நாற்காலி கிடைக்கும். ஆனால் அது அக்காவின் நாற்காலி. கால் இன்னும் வேகமாக ஆடியது.

பதினொரு மணிக்குத் தொலைபேசி. ஆறாம் டிப்போ பொறுப்பாளர். குரல் லாரி இன்ஜினைத் தாண்டி வந்தது.

"யாரும்மா எங்களுக்குத் தாமதம் முப்பத்தொண்ணு சதவீதம்னு போட்டது?"

"அண்ணே, ரிப்போர்ட்ல…"

"உங்க மேனேஜர் அதை அச்சடிச்சு நோட்டீஸ் போர்டுல ஒட்டச் சொல்லி மெயில் போட்டிருக்காரு. ஒட்டிட்டேன். எங்க ஆளுங்க நின்னு படிக்கறாங்க. வருஷம் பூரா பன்னெண்டு பதிமூணைத் தாண்டினதில்ல. ஒரே வாரத்துல நாங்க எல்லாரும் படுத்துத் தூங்கினோமா?"

"நான் பாத்துட்டுச் சொல்றேன்ணே."

"பாக்காமயா அனுப்பினே?"

உண்மையில் அவள் பார்க்கவில்லை. மற்ற ஐந்து டிப்போக்களும் ஒன்று இரண்டு புள்ளி ஏறியிருந்தன. அதுவும் கண்ணில் படவில்லை. அவள் கண் முழுக்க 9:12 என்ற எண்ணில் இருந்தது.

நாற்பத்தொரு வரியையும் மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் படித்தாள். ஒரு தப்பும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. எழுந்து ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். கடைசியில் வேறு வழியில்லாமல் அக்காவுக்குச் செய்தி அனுப்பினாள்: "அக்கா, ஃபைலை ஃபோல்டர்ல போடறதுக்கு முன்னாடி ஏதாச்சும் பண்ணுவீங்களா?"

அக்காவின் வாயில் பஞ்சு, விரலில் இல்லை.

"மஞ்சளை எடுத்துடுவேன்."

"என்ன மஞ்சள்க்கா?"

"மஞ்சள் கலர் அடிச்ச வரி. வீட்ல ஆளில்ல, வேற நாள் வாங்கன்னு வாடிக்கையாளரே தள்ளிப் போட்டது. அது நம்ம தாமதம் இல்ல. கண்ணிருந்தா தெரியுமே."

"சொல்லவே இல்லையேக்கா!"

"நீ கேக்கவே இல்லையேடி! நான் வேலை செய்யறப்ப நீ என் ஸ்கிரீனைப் பாத்தியா, என் பின்னாடி இருக்கற சுவரைப் பாத்தியா?"

ஆறாம் டிப்போவின் கோப்பைத் திறந்தாள். வரிக்கு நடுவே வரியாக மஞ்சள் பூத்துக் கிடந்தது. பாண்டாஸ் கட்டத்துக்குள் இருக்கும் எழுத்தையும் எண்ணையும் எடுக்கும். கட்டத்துக்கு அடித்த வண்ணத்தை எடுக்காது. நான்கு வாரம் அவள் ஒப்பிட்டுப் பார்த்ததெல்லாம் அக்கா களையெடுத்து வைத்த கோப்புகளோடுதான். ஒரு முழு அலுவலகத்தின் நியாயம் ஒரு நிறத்துக்குள் இருந்தது. அது எந்தத் தாளிலும் எழுதப்படவில்லை.

சரி, நிறத்தையும் படிக்கவைப்போம். வண்ணத்தையும் பார்க்கத் தெரிந்த ஓபன்பைஎக்செல் என்ற இன்னொரு கருவி கொண்டு கோப்பைத் திறந்து, ஒவ்வொரு வரியின் முதல் கட்டத்தின் நிரப்பு வண்ணக் குறியைப் பார்த்து, மஞ்சளென்றால் விட்டுவிடச் சொன்னாள். ஓட்டினாள். முப்பத்தொன்று பத்தொன்பதாக இறங்கியது.

பத்தொன்பதா? பன்னிரண்டு பதின்மூன்று எங்கே?

டிப்போவுக்குப் போன் போட்டாள்.

"அண்ணே, உங்க ஃபைல்ல மஞ்சள் அடிக்கறது யாரு?"

"காலை ஷிஃப்ட்ல ஒரு பையன், மாலைல ஒரு அம்மா. ஏன்?"

"ரெண்டு பேரும் ஒரே மஞ்சளா?"

அவர் யாரையோ கூப்பிட்டுக் கேட்டு வந்தார். "அந்த அம்மாவுக்குப் பையனோட மஞ்சள் கண்ணைக் கூசுதாம். பக்கத்துல வெளிறினதா ஒண்ணு இருக்கில்ல, அதை அடிப்பாங்களாம்."

கண்ணுக்கு இரண்டும் மஞ்சள். கணினிக்கு இரண்டும் வேறு வேறு குறி. ஸ்கிரிப்ட் நீக்கியது பையனின் அறுபது வரிகளை மட்டும்; அந்த அம்மாவின் இருபத்துநான்கும் அப்படியே தங்கிவிட்டன. இரண்டாவது குறியையும் சேர்த்ததும் நானூறு பார்சலில் எண்பத்துநான்கு கழிந்து, முந்நூற்றுப் பதினாறில் நாற்பது தாமதம். பதின்மூன்றுக்குச் சற்றுக் குறைவு.

அவளுக்கு இப்போது இரண்டு வழி. திருத்தத்தை ஓசையில்லாமல் அனுப்பி, "கோப்பில் கோளாறு" என்று எழுதலாம். கோப்பில் நிறம் இருந்தது பொய்யில்லை, வெள்ளிக்கிழமையும் காப்பாற்றப்படும். ஆனால் ஆறாம் டிப்போவின் ஆட்கள் பலகைமுன் நின்று படிக்கிறார்களே. தட்டெழுதினாள், அழித்தாள், எழுந்தாள், உட்கார்ந்தாள். பேனா மூடியைக் கடித்ததில் மூடி உருமாறியது. கடைசியில் எல்லோருக்கும் போனது இதுதான்: "காலை ரிப்போர்ட் தவறு. ஸ்கிரிப்ட் மஞ்சள் வரிகளை நீக்கவில்லை. சரிபார்க்காமல் அனுப்பியது நான். அக்கா ஒவ்வொரு வாரமும் நீக்கிவந்திருக்கிறார். திருத்தியது இத்துடன்."

அனுப்பிய பிறகு அண்ணனின் கேள்வி காதில் கேட்டது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் அறை. வீங்கிய கன்னத்தோடு அக்காவும் இருந்தார்.

"நாப்பத்தொரு வரியா இருந்ததாமே, இப்ப அறுபத்தெட்டாமே?" என்றார் மேனேஜர், ஏதோ அவர் பணத்தில் எழுதியதுபோல.

"நிறம் பாக்கறது, சந்தேகம் வந்தா நிக்கறது, போன வாரத்தைவிட அஞ்சு புள்ளிக்கு மேல மாறினா அனுப்பாம எச்சரிக்கறது, அதெல்லாம் சேத்தேன் சார். நிறத்துக்குப் பதிலா 'தள்ளிவைப்பு'ன்னு ஒரு தனிக் கட்டம் போடச் சொல்லி ஆறு டிப்போவுக்கும் எழுதிருக்கேன். அது வந்துட்டா மஞ்சளே வேணாம்."

"அப்போ ரெண்டு பேர்…"

"எச்சரிக்கை வந்தா யாரு பாக்கறது சார்? பல்லு புடுங்கினது எனக்கு, மூளை இல்ல," என்றார் அக்கா, பாதி வாயால்.

மேனேஜர் சிரிக்கலாமா என்று யோசித்துச் சிரித்தார். முடிவு, மேனேஜர்களுக்கே உரிய முடிவு: அக்கா இருக்கிறார், பம்பரத்துக்கு இன்னும் மூன்று மாதப் பயிற்சி, பிறகு பார்க்கலாம்.

வெளியே வந்ததும் அக்கா தன் நாற்காலியிலிருந்த பையை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். "அடுத்த திங்கள் என் எதிர்ல ஓட்டு. நான் பாக்கணும்."

"ஒன்பது நொடிதான்க்கா. நிறம் பாக்கறதுல இப்ப பதிமூணு."

"பதிமூணு நொடியும் காலாட்டாம இருக்கணும்."

வீட்டில் அண்ணன் கேட்டான், "நிரந்தரமா?"

"இன்னும் மூணு மாசம்."

"அது என்ன கணக்கு?"

"மஞ்சள் கணக்கு. உனக்குப் புரியாது, செருப்பைக் கழட்ட விடு."

ஆக, வதந்தி பொய். ஆனால் விசாரணையில் ஒன்று பாக்கி நிற்கிறது. அந்தத் திங்களன்றே ஆறாம் டிப்போ பொறுப்பாளர் அவள்மேல் ஒரு கடன் சுமத்தியிருந்தார்.

"திருத்தின தாளை அனுப்பிட்டே, சரி. ஆனா அந்த முப்பத்தொண்ணை நான் கிழிக்க மாட்டேன் தங்கச்சி. எங்க ஆளுங்க முன்னாடி நீயே வந்து கிழிக்கணும்."

"வரேன்ணே, கண்டிப்பா வரேன்."

ஒரு பேருந்து, அரை மணி நேரம். அது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. போன வாரம்கூடக் கிளம்பிவிட்டாள். படி இறங்கி, வாசலில் நின்று, நோட்டுப்புத்தகத்தை மறந்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு மேலே ஏறி வந்துவிட்டாள். டிப்போ ஆட்களின் முகங்களைப் பார்த்து என்ன சொல்வது என்று அறுபத்தெட்டு வரியில் எங்கும் எழுதியில்லை. டிப்போவின் பலகையில் அந்தத் தாள் இன்னும் தொங்குகிறதாம். வெயிலில் மெல்ல மஞ்சளாகிக்கொண்டிருக்கிறதாம்.