கிராம் சார் தொலைத்த கிராம்கள்

எங்கள் மருத்துவமனையின் சமையல் பண்டகசாலைக்குப் பொறுப்பாக இருந்தவரை எல்லோரும் கிராம் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் மனைவிகூட ஒருமுறை தொலைபேசியில் "கிராம் இருக்காரா?" என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். நோயாளிகளின் பதிவேட்டு அறையில் நான் இருந்தேன். நடுவில் ஒரு நடைபாதை, எதிரே அவருடைய அறை. மதியச் சாப்பாடு இருவருக்கும் ஒரே மேசையில். அதனால் இதில் நான் எழுதுவது பெரும்பாலும் கண்ணால் கண்டது. காணாததை அவரே சொல்லியிருக்கிறார், அதுவும் தலையைக் குனிந்துகொண்டு.

பெயர் வந்த கதை எளிது. தராசில் முள் நிற்கும்வரை மூச்சுவிட மாட்டார். சர்க்கரையோ பால் பவுடரோ, அன்றைக்கு வார்டுகளில் எத்தனை படுக்கை என்று கணக்குப் பார்த்து நிறுத்துக் கொடுப்பார். "நாலு கிலோவுக்கு மேலே கொஞ்சம்" என்று யாராவது சொன்னால், "கொஞ்சம்னா என்ன அளவு? உங்க வீட்டு அளவா, எங்க வீட்டு அளவா?" என்பார். அலகு இல்லாத எண்ணை அவர் கண் ஏற்காது. கையால் எழுதிய காலத்தில் ஒவ்வொரு வரியிலும் 4 kg 350 g என்று முழுதாக எழுதி, மாதக் கடைசியில் கிலோவைத் தனியாகவும் கிராமைத் தனியாகவும் கூட்டி, ஆயிரம் கிராமுக்கு ஒரு கிலோ என்று கிலோப் பக்கம் ஏற்றுவார். தப்பு வந்து நான் பார்த்ததில்லை.

பிறகு சூப்பிரண்டென்ட் கணினி கொண்டுவந்தார். முதலில் பால் பவுடருக்கு மட்டும் இனி புத்தகம் வேண்டாம், அட்டவணையில் தட்டினால் போதும் என்று உத்தரவு. கிராம் சார் ஒற்றை விரலால் தட்டக் கற்றுக்கொண்டார். ஆனால் கட்டத்துக்குள்ளும் பழைய வழக்கமே: 25 kg, 25 kg, 4 kg 350 g. கீழே கூட்டல் போட்டுப் பார்த்தார். பூஜ்யம் வந்தது.

"மெஷின் கெட்டுப்போச்சும்மா" என்று கேஷியர் அம்மாவிடம் போய் நின்றார்.

அவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "கெடலை சார். நீங்க எண்ணோட எழுத்தையும் சேர்த்துப் போட்டுட்டீங்க. எழுத்து கலந்தா அது முழுசையும் எழுத்துன்னே எடுத்துக்கும், கூட்டல்ல சேர்க்காது. கேஜியைத் தலைப்புல ஒரு தடவை போடுங்க, கட்டத்துல வெறும் எண்ணைப் போடுங்க."

"வெறும் எண்ணா? சட்டை போடாம தெருவுக்கு அனுப்புற மாதிரி இல்ல இருக்கு!"

அந்த யோசனையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. வீட்டுக்குப் போய், வெளியூரில் இருந்த மாப்பிள்ளையிடம் பேசினார். அவர் ஒரு சூத்திரம் சொன்னார்: கட்டத்தில் முதல் இடைவெளி எங்கே வருகிறதோ, அதற்கு முன்னால் உள்ளதை மட்டும் வெட்டி எடு, எடுத்ததை எண்ணாக மாற்றி அடுத்த கட்டத்தில் வை, அந்த வரிசையைக் கூட்டு. கிராம் சார் வரவுப் பக்கத்தில் போட்டுப் பார்த்தார். 25 kg பக்கத்தில் 25 வந்து நின்றது. கூட்டலும் சரி. மருமகனின் மூளையைப் பற்றி அன்று சாப்பாட்டு மேசையில் ஒரு பிரசங்கமே நடந்தது. அதே சூத்திரத்தை செலவுப் பக்கத்துக்கும் கீழே வரை இழுத்துவிட்டார். அங்கே பார்க்கவில்லை. ஆயுளில் முதன்முறையாக, கையால் கூட்டி ஒப்பிடவும் இல்லை.

மாதக் கடைசியில் இருப்பை நிறுத்தார்கள். அட்டவணை சொன்னதைவிட அலமாரியில் பால் பவுடர் குறைவு. கிட்டத்தட்ட அரை மூட்டை.

பண்டகசாலையிலிருந்து சமையலறைக்குப் பால் பவுடரைத் தூக்கிப் போவது ஒரே ஆள்தான். நாங்கள் றெக்கை அக்கா என்று கூப்பிடும் உதவியாளர். நடக்க மாட்டார், பறப்பார். அதனால் அந்தப் பெயர். கணவர் படுக்கையில் கிடந்தார், வீடு அந்த ஒரு சம்பளத்தில்தான் ஓடியது. வேலையிலிருந்து நிறுத்தினால் அந்த வீடு என்ன ஆகும் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். கிராம் சாருக்கும் தெரியும்.

தெரிந்தும் அவர் செய்ததைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. மாலையில் ஆட்கள் வீட்டுக்குக் கிளம்பும் நேரம். சமையல் மாஸ்டர், பாத்திரம் கழுவுகிறவர்கள், நான், எல்லோரும் தராசுக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட நின்றோம்.

"அக்கா, பையைக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

"என்ன சார், விளையாடுறீங்களா?"

"கணக்கு இடிக்குது. காட்டிட்டுப் போங்க."

அக்கா மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் கூரையைப் பார்த்தார். நானும் எதையோ பார்த்தேன். அக்கா தானே பையைத் தராசின் தட்டில் வைத்தார். கிராம் சார் திறந்தார். சாப்பாட்டு டப்பா, நூல் கட்டிய மூக்குக் கண்ணாடி, தைக்கக் கொடுக்க வேண்டிய ஒரு குழந்தைச் செருப்பு. அடியில் காகிதத்தில் மடித்த வெள்ளைப் பொடி.

"இது என்ன?"

"தெரியலையா? தின்னு பாருங்க."

அவர் விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டார். பல்பொடி. முகம் சுளித்ததைப் பார்த்து யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. பொட்டலத்தை மறுபடி மடிக்க முயன்றார். பாதி தட்டில் கொட்டியது.

பையில் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது விஷயத்தை முடிக்கவில்லை. "இன்னிக்கு இல்லை, அவ்வளவுதான்" என்றார் சூப்பிரண்டென்ட். மறுநாளே அக்காவைச் சலவைப் பகுதிக்கு மாற்றினார். விசாரணை முடியும்வரை அங்கே. முடிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்பதுதான் பேச்சு. கிராம் சார் சொன்னார், "இனிமே நானே தூக்கிட்டுப் போறேன். பூனை மேலயும் சந்தேகம் வேண்டாம், பாலுக்கும் பயம் வேண்டாம்." அந்த மாதம் முழுக்க டப்பாவைத் தன் கையாலேயே கொண்டுபோய் மாஸ்டரிடம் கொடுத்தார். வழியில் யாரிடமும் பேசக்கூட நிற்கவில்லை.

மாதக் கடைசியில் நிறுத்தார்கள். மறுபடியும் குறைவு. ஏறக்குறைய அதே அளவு.

அன்று மதியம் அவர் சாப்பிட வரவில்லை. போய்ப் பார்த்தேன். திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"இந்த மாசம் தூக்கிட்டுப் போனது நான்" என்றார். "அப்ப திருடன் யாரு?"

"சார், முதல்ல ஒரு வாய் சாப்பிடுங்க."

"இங்க பாருங்க."

விரலால் ஒரு வரியைக் காட்டினார். ஒரு கட்டத்தில் 4 kg 350 g. பக்கத்துக் கட்டத்தில் 4. கீழே 3 kg 900 g. பக்கத்தில் 3. சூத்திரம் சொன்னபடிதான் செய்திருந்தது: முதல் இடைவெளிக்கு முன்னால் உள்ளதை எடுத்தது, மீதியை விட்டது. வரவில் முழு மூட்டைகள், அதனால் ஒன்றும் குறையவில்லை. செலவில் தினமும் கிராம் உதிர்ந்துகொண்டே இருந்தது. செலவு குறைந்து தெரிந்ததால் இருப்பு கூடித் தெரிந்தது. அலமாரியில் அந்த அளவு எப்படி இருக்கும்?

காகிதம் எடுத்துப் பழையபடி கூட்டினார், இரண்டு மாதத்துக்கும். கிராம்களைச் சேர்த்ததும் குறைவு காணாமல் போனது. பென்சிலைக் கீழே வைத்தார்.

"ஊர் பூரா என்னைக் கிராம்னு கூப்பிடுது" என்றார். "நான் கிராமையே விட்டுட்டேன்."

கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். "இது உங்களுக்கும் எனக்கும்தான் தெரியும்" என்றார். சூத்திரத்தை மாற்றிவிட்டால் அடுத்த மாதம் முதல் கணக்கு தானாக நேராகிவிடும். அக்காவை மாற்றிய பிறகு திருட்டு நின்றுவிட்டது என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். அந்த எண்ணம் அவர் முகத்தில் வந்ததை நான் பார்த்தேன். அவரும் நான் பார்த்ததைப் பார்த்தார். எழுந்து காகிதத்தோடு சூப்பிரண்டென்ட் அறைக்குப் போனார்.

விசாரணை அன்றே கைவிடப்பட்டது. பிறகு கிராம் சார் சலவைப் பகுதிக்குப் போனார். என்னையும் வரச் சொன்னார். நீராவிக்கு நடுவே அக்கா போர்வை மடித்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, தப்பு என்னோடது. நான் போட்ட கணக்குல கிராம் விட்டுப்போச்சு. நீங்க ஒண்ணும் எடுக்கலை."

"நான் எடுக்கலைன்னு எனக்கு முதல்லயே தெரியும் சார். அதைச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தீங்க?"

"மன்னிச்சுக்கங்க."

"இங்க யாருக்குக் கேக்கப்போகுது? மெஷின் சத்தம். பையைத் திறந்த இடத்துல சொல்லுங்க."

மறுநாள் மாலை, அதே தராசுக்குப் பக்கத்தில், எல்லோரும் கையெழுத்துக்கு நின்றபோது சொன்னார். பாத்திரம் கழுவும் ஒருவன் "பல்பொடி வேணுமா சார்?" என்று முணுமுணுத்தான். மாஸ்டர் அவனை அதட்டினார். கிராம் சார், "இருக்கட்டும், கேக்கட்டும்" என்றார்.

அக்கா பழைய வேலைக்குத் திரும்பினார். ஆனால் அன்று முதல், வீட்டுக்குக் கிளம்பும்போது பண்டகசாலை வாசலில் நின்று, பையின் ஜிப்பைத் திறந்து கிராம் சார் முன்னால் நீட்டுவார்.

"வேண்டாம்க்கா" என்பார் இவர்.

"பாத்துக்கங்க சார். கிராம் விட்டுடக் கூடாது."

ஒரு நாள் தவறவில்லை. மழையோ காய்ச்சலோ, பை திறக்கும். அவர் ஒருபோதும் உள்ளே பார்த்ததில்லை, சுவரைப் பார்ப்பார். வேறு இடத்துக்கு மாற்றல் கேளுங்கள், நேரத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்று கிராம் சாரிடம் சொல்லிப் பார்த்தேன். "அந்த அம்மா கையில இருக்கிற ஒரே பதில் அதுதான். அதையும் நான் பிடுங்கணுமா?" என்றார்.

அட்டவணையைக் கேஷியர் அம்மா சரிசெய்து கொடுத்தார். கட்டத்துக்குள் 4.350 என்று வெறும் எண். ஆனால் பார்வைக்கு மட்டும் பின்னால் kg தெரியும்படி கட்டத்தின் அமைப்பை மாற்றினார். "சட்டை போட்டாச்சு சார், இப்ப கூட்டலும் வரும்." அவர் சிரிக்கவில்லை. ஐம்பது கிராம் வரும் நாளில் 4.050 என்று போடாமல் 4.50 என்று போட்டுவிடுவோமோ என்று ஒவ்வொரு முறையும் பயந்து, தனியாகக் காகிதத்திலும் கூட்டிப் பார்ப்பார். அதிகாரத்தோடு "கொஞ்சம்னா என்ன அளவு?" என்று யாரையும் கேட்பதை விட்டுவிட்டார்.

ஓய்வுபெற்ற நாளில் மாலை போட்டார்கள். பேசச் சொன்னார்கள், தொண்டை சரியில்லை என்றார். கிளம்பும் நேரத்தில் வாசலில் றெக்கை அக்கா வருவதைப் பார்த்து, அவர் வந்து நிற்பதற்கு முன்பே, கிராம் சார் தன்னுடைய பையின் ஜிப்பை முழுவதும் திறந்து அவர் முன்னால் நீட்டினார். உள்ளே மாலையும் சாப்பாட்டு டப்பாவும் இருந்தன.

அக்கா உள்ளே பார்க்கவில்லை. சற்று நேரம் அவர் முகத்தைப் பார்த்தார்.

"மூடுங்க சார்" என்றார். "தூறல் போடுது. நனைஞ்சிடும்."

தன் பையைத் திறக்காமலே, பறந்து போய்விட்டார்.